33 கிழமையில் அம்மா வீட்டுக்குப் போகிறேன்: அட்டை, ஆஸ்பத்திரி, இரவு அவசரம்

துளசி_வெள்ளவத்தை (ஒக்டோபர் 20, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இது எனக்கு முதல் பிள்ளை. இன்றைக்கு 33 கிழமை. வியாழக்கிழமை ரெயினில் கரவெட்டிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன். கணவருக்குக் கொழும்பிலேயே வேலை, பிள்ளை பிறக்கும் சமயத்தில்தான் லீவு எடுத்து வருவார். வீட்டில் அம்மா, அப்பா, நான் மட்டும். அப்பாவுக்கு 68 வயது, இருட்டினால் வாகனம் ஓட்டமாட்டார்.

மாநகரசபை கிளினிக்கில் பதிந்து கர்ப்பிணி அட்டை எடுத்தேன், ஆனால் அங்கே போனது இரண்டு தடவைதான். மற்றதெல்லாம் தனியார் இடத்தில் சனல் பண்ணி ஒரு டொக்டரிடம் காட்டினேன். அதனால் அட்டையில் பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. ஸ்கான் தாள்கள் எல்லாம் ஒரு பையில் இருக்கின்றன.

என் கேள்விகள் இவை. பருத்தித்துறை ஆஸ்பத்திரிதான் எங்களுக்குக் கிட்ட. ஆனால் சொந்தக்காரர் எல்லோரும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கே போ என்கிறார்கள். எது சரி? இரவில் ஏதாவது நடந்தால் என்ன செய்வது? இன்னொன்று, எனக்கு இரண்டு திகதி இருக்கிறது. ஒன்பதாம் கிழமை ஸ்கானில் டிசம்பர் 8 என்று போட்டார்கள். கடைசி மாதவிடாய் மார்ச் 3, அதைக் கணக்குப் பார்த்தாலும் டிசம்பர் 8தான் வருகிறது. ஆனால் போன கிழமை 13ஆம் திகதி எடுத்த ஸ்கானில் டிசம்பர் 19 என்று வந்திருக்கிறது. அவருடைய லீவை எதை வைத்துக் கேட்பது?

---

சிவா_கொக்குவில் (இரவு 10.05)

தங்கச்சி, இரண்டு பிள்ளைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். கடைசி ஸ்கானைத்தான் பார்க்க வேண்டும். அப்போது பிள்ளை பெரிதாக இருக்கும், அளக்க நல்லாயிருக்கும். ஒன்பதாம் கிழமையில் அது ஒரு முந்திரிக்கொட்டை அளவுதானே. ஆகவே டிசம்பர் 19.

அட்டையை எல்லாம் போனில் படம் எடுத்து வையுங்கள், அது போதும். அவசரம் என்றால் 1990 அம்புலன்சுக்கு அடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். காசு இல்லை. வேறு ஒன்றும் யோசிக்கத் தேவையில்லை.

---

மலர்_அன்ரி (இரவு 10.30)

பிள்ளை, ஒன்பதாம் மாதம் பிறக்கிறதற்கு முன்னால் வெளிக்கிட்டுவிடு. போன பிறகு, பிள்ளை பிறந்து 31 நாள் கழியும் வரைக்கும் திரும்பக் கூடாது. என் மகளுக்கு மாமியார் வீட்டில் விடமாட்டோம் என்று பெரிய பிரச்சினை வந்தது. உன் மாமி சம்மதமா? முதலில் அதைப் பேசித் தீர்த்துக்கொள்.

---

துளசி_வெள்ளவத்தை (இரவு 10.41)

மாமி சம்மதம் அன்ரி, அவரே சரக்கு இடித்து டின்னில் போட்டுத் தந்துவிட்டார். எனக்குக் குழப்பம் ஆஸ்பத்திரியிலும் திகதியிலும்தான்.

---

ஓய்வு_மிட்வைஃப் (ஒக்டோபர் 21, காலை 5.50)

மகள், நான் வலிகாமத்தில் 30 வருசத்துக்கு மேல் மிட்வைஃபாக வேலை செய்தவள். முதலில் திகதி. சிவா தம்பி சொன்னது நேர்மாறு.

முதல் மூன்று மாதத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும். சாப்பாடு, தாயின் உயரம், பிரஷர், ஒன்றும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் காட்டாது. அதனால் தலையிலிருந்து பிட்டம் வரை அளந்தால் திகதி நாலைந்து நாளுக்குள் சரியாக வரும். 30 கிழமைக்குப் பிறகு ஒரு பிள்ளை பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும். மெசினுக்கு அது தெரியாது. இந்த அளவுள்ள பிள்ளை சராசரியாக எத்தனை கிழமை என்று மட்டும் பார்த்து ஒரு திகதியை அச்சடித்துவிடும். அது இரண்டு மூன்று கிழமை முன்பின்னாகப் போகலாம்.

உன் கணக்கைப் பார். மார்ச் 3இலிருந்து ஒக்டோபர் 13 வரை 224 நாள், சரியாக 32 கிழமை. டிசம்பர் 19 என்று மெசின் சொன்னால், அன்றைக்குப் பிள்ளையை 30 கிழமை 3 நாள் அளவாகக் கண்டிருக்கிறது. 11 நாள் வித்தியாசம். உன் மாதவிடாய்த் திகதியும் ஒன்பதாம் கிழமை ஸ்கானும் ஒன்றையே சொல்லும்போது திகதி பிழைக்க இடமில்லை. ஆகவே நான் கேட்பது வேறு கேள்வி. பிள்ளை 11 நாள் பின்னுக்கு நிற்கிறதா?

பயப்படச் சொல்லவில்லை. சில பிள்ளை இயல்பாகவே சிறிதாக இருக்கும், அளக்கிற கையும் முன்பின்னாகப் போகும். ஆனால் டிசம்பர் 19ஐ எழுதிக்கொண்டு நீ கரவெட்டிக் கிளினிக்கில் போய் இருந்தால், அங்கே எல்லோருக்கும் பிள்ளை சரியான அளவாகத்தான் தெரியும். யாரும் இரண்டாம் தடவை பார்க்கமாட்டார்கள்.

இடம் மாறி வரும் தாய்மாரிடம் இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு பிள்ளை வவுனியாவிலிருந்து தாய் வீட்டுக்கு வந்தாள். அட்டை பழைய வீட்டு அலுமாரியில். கையில் 34 கிழமை ஸ்கான் ஒன்று மட்டும். அதை வைத்துத் திகதி போட்டார்கள். பிறகு தகப்பன் அட்டையைக் கொண்டுவந்த அன்று பார்த்தால் அவள் மூன்று கிழமை முன்னுக்கு நிற்கிறாள், வயிறு மட்டும் வளரவில்லை. அன்றைக்கே அனுப்பினேன். 1.9 கிலோவில் பிறந்து, குழந்தைகள் பிரிவில் 11 நாள் இருந்து வீட்டுக்கு வந்தது. அட்டை இன்னும் இரண்டு கிழமை பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் நினைப்பதுண்டு.

இப்போது நீ சொல். உன் 20ஆம் கிழமை ஸ்கானில் நஞ்சுக்கொடி எங்கே இருப்பதாக எழுதியிருக்கிறது? 13ஆம் திகதி ஸ்கானில்? ஒவ்வொரு முறையும் பிரஷர் எவ்வளவு? வயிற்றை யாராவது நாடாவால் அளந்து எழுதினார்களா?

---

துளசி_வெள்ளவத்தை (காலை 8.15)

அம்மா, பையைக் கொட்டிப் பார்த்தேன். 20ஆம் கிழமை ஸ்கானில் நஞ்சு கீழே இருக்கிறது, திரும்பப் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறது. எனக்கு இது நினைவே இல்லை. அன்றைக்கு டொக்டர், அது மேலே போய்விடும், யோசிக்க வேண்டாம் என்றார், நானும் விட்டுவிட்டேன். 13ஆம் திகதித் தாளில் நஞ்சைப் பற்றி ஒன்றும் இல்லை. பிள்ளையின் எடை 1.5 கிலோ என்று மட்டும்.

பிரஷர் அட்டையில் இரண்டு இடத்தில் 100/60, 104/64. சனல் டொக்டர் ஒவ்வொரு தடவையும் பார்த்தார், ஆனால் அவருடைய கொப்பியில்தான் எழுதினார். வயிற்றை நாடாவால் யாரும் அளக்கவில்லை.

---

ஓய்வு_மிட்வைஃப் (காலை 8.50)

நல்லது, இப்போதாவது கண்டாயே. 20 கிழமையில் நஞ்சு கீழே இருக்கிற தாய்மாரில் பெரும்பாலானோருக்கு, கர்ப்பப்பை வளர வளர அது கர்ப்பப்பை வாயைவிட்டு மேலே போய்விடும். உன் டொக்டர் சொன்னது உண்மை. ஆனால் போனதா என்று 32 கிழமை அளவில் பார்க்க வேண்டும். பார்க்காமல் எட்டு மணித்தியாலம் பயணம் போகாதே. இன்றைக்கோ நாளைக்கோ அதே டொக்டரிடம் போய் நஞ்சை மட்டும் பார்க்கச் சொல். எத்தனை சென்ரிமீற்றர் விலகி இருக்கிறது என்று எண்ணாக எழுதித் தரச் சொல்.

அங்கே இருக்கும்போதே இன்னொரு வேலை. அவருடைய கொப்பியில் உள்ள பிரஷர், இரத்தத்தின் அளவு, சீனிப் பரிசோதனை முடிவு, மருந்து எல்லாவற்றையும் உன் அட்டையிலேயே எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல். தனிக் கடிதம் தந்தாலும் வாங்கு, ஆனால் அட்டையில் எழுதினால்தான் இரவு இரண்டு மணிக்கு விடுதியில் நிற்கிற டொக்டர் பார்ப்பார். உன்னிடம் இருக்கிற அட்டை H512 A. அதன் சோடி B உங்கள் மாநகரசபை மிட்வைஃபிடம் இருக்கிறது. அது உன்னோடு பயணம் வராது. நீ இடம் மாறுவதை அவருக்குச் சொல்லிவிட்டுப் போ, கரவெட்டிப் பக்கம் மிட்வைஃபின் தொடர்பையும் கேள்.

இரத்த வகை அட்டையில் இருக்கும், ஆனாலும் ஆஸ்பத்திரியில் திரும்பவும் எடுப்பார்கள். இது ஏற்கெனவே எடுத்ததுதானே என்று சண்டை பிடிக்காதே, கட்டாயம் எடுக்கத்தான் வேண்டும்.

---

சிவா_கொக்குவில் (காலை 9.20)

திகதி விசயத்தில் நான் பிழையாக விளங்கியிருக்கிறேன் அம்மா, மன்னிக்கவும். எங்கள் இரண்டாவதுக்கும் இப்படித்தான் திகதி மாறியது, நாங்கள் கடைசியைத்தான் பிடித்தோம். பிள்ளை நல்லாய்த்தான் பிறந்தது, அதனால் அது சரி என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் போனில் படம் இருந்தால் போதாதா? காகிதம் தொலையும், நனையும்.

---

ஓய்வு_மிட்வைஃப் (காலை 9.45)

படமும் வேண்டும் தம்பி. ஸ்கானில் வருகிற அந்த மினுமினுப்பான படத்தாள் வெயில் பட்டால் மங்கிப்போகும், அதைக் கட்டாயம் படம் எடுக்க வேண்டும். ஆனால் வலியோடு வந்த தாயின் போன் பூட்டிக் கிடக்கும், கணவர் கொழும்பில் நிற்பார். யார் திறப்பது? விடுதியில் அட்டையைத்தான் கேட்பார்கள், அதில்தான் அடுத்த வரியை எழுதுவார்கள். பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்கு வருகிற மிட்வைஃபும் அந்த அட்டையைத்தான் பார்ப்பார். பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைக்க வேண்டும். சூட்கேசில் வைக்கக் கூடாது.

---

லண்டன்_ராஜி (பகல் 12.10)

நானும் ஏழு மாதத்தில் யாழ்ப்பாணம் வந்து பெறலாம் என்று யோசித்தேன். விமானத்தில் எத்தனை கிழமை வரை விடுவார்கள்? காப்புறுதி கட்டினால் தனியார் மருத்துவமனையில் எடுத்துக்கொள்வார்களா? யாராவது தெரிந்தால் சொல்லுங்கோ.

---

ஒழுங்கை_வீட்டுக்காரன் (பகல் 12.40)

ராஜி அக்கா, உங்கள் கேள்விக்குத் தனியாக ஒரு இழை தொடங்கினால் நல்லது. இது கொழும்பிலிருந்து வருகிற தங்கச்சியைப் பற்றியது.

துளசி, இரவு அவசரத்தைப் பற்றிக் கேட்டீர்கள், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மனைவி தன் தாய் வீட்டில் இருந்தா, வடமராட்சியில்தான். கார்த்திகை மாதம், மூன்று நாள் அடைமழை. இரவு ஒன்றே முக்காலுக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. மாமா 1990க்கு அடித்தார். இடம் எங்கே என்று கேட்டதற்குப் பிள்ளையார் கோயிலடி என்றார். எங்கள் ஊரில் பிள்ளையார் கோயில் மூன்று. வண்டி இரண்டாவது கோயிலடியில் போய் நின்றது. போனில் வழி சொல்லிச் சொல்லி இருபது நிமிசம் போய்விட்டது. கடைசியில் வந்து சேர்ந்தாலும் ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு வெள்ளம், உள்ளே எடுக்க முடியவில்லை. பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி நானும் மச்சானும் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனோம். மனைவியும் பிள்ளையும் சுகம். ஆனால் இரத்தப்போக்கோடு அந்த இருபது நிமிசம் என்றால்?

அதற்குப் பிறகு மாமா கேற்றடியில் வெள்ளைப் பெயின்ற் அடித்த ஒரு தகடு வைத்தார். வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், எந்தப் பெரிய ரோட்டிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை என்று ஒரு மட்டையில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டினார். அவசரத்தில் வாய் குழறும், அந்த மட்டையை வாசித்தால் போதும்.

---

சிவா_கொக்குவில் (பகல் 1.00)

ஆனால் 1990 வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம்தானே? கேட்டால் கொண்டுபோவார்கள்.

---

ஒழுங்கை_வீட்டுக்காரன் (பகல் 1.12)

எங்களிடம், உங்கள் நிலைக்குப் பொருத்தமான கிட்டடி அரச ஆஸ்பத்திரிக்குத்தான் எடுப்போம் என்றார்கள். பருத்தித்துறைக்குத்தான் போனோம். தனியார் மருத்துவமனைக்கு எடுக்கமாட்டார்கள். அதனால் நீங்கள் பெரியாஸ்பத்திரியை மட்டும் மனதில் வைத்திருந்தால் நடு இரவில் வேறு இடத்தில் போய் நிற்க வேண்டிவரும். அங்கேயும் உங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

---

நெடுந்தீவு_சுபா (பகல் 2.30)

எங்கள் தீவில் இந்தக் கேள்வியே வேறு மாதிரி. கடல் கொந்தளித்தால் படகு இல்லை. அவசரம் என்றால் கடற்படையிடம் கேட்க வேண்டும், அதுவும் காற்றைப் பொறுத்தது. எனக்கு 36 கிழமை ஆனதும் மிட்வைஃப் அக்கா, இனி இங்கே நிற்க வேண்டாம் என்று சொல்லிக் குறிகட்டுவான் படகில் ஏற்றிவிட்டா. யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் ஒரு மாதம் நின்றேன். எங்களுக்குத் தாய் வீட்டுக்குப் போவது என்றால் தாய் வீட்டை விட்டு வருவதுதான். நானும் அம்மாவும் அழுதுகொண்டுதான் பிரிந்தோம்.

துளசிக்கு அந்தக் கடல் இல்லை. ஆனால் கடைசி இரண்டு கிழமைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வீடு தேடி வைப்பது கெட்ட காரியம் இல்லை.

---

விடுதியில்_வேலை (மாலை 6.20)

நான் ஒரு மகப்பேற்று விடுதியில் தாதி. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல விரும்பவில்லை. ஒரு விசயம் மட்டும் சொல்கிறேன்.

எது நல்ல ஆஸ்பத்திரி என்று கேட்டால் விடை கிடைக்காது. உங்கள் வயிற்றில் இருக்கிற பிரச்சினைக்கு எது போதும் என்று கேட்க வேண்டும். ஒன்றும் இல்லாத பிரசவத்துக்கு ஆதார வைத்தியசாலை தாராளம், கிட்டவும் இருக்கும். நஞ்சு கீழே இருந்தால் இரவிலும் சத்திரசிகிச்சைக்கூடமும் மயக்கமருந்து டொக்டரும் இரத்தமும் தயாராக இருக்கிற இடம் வேண்டும். பிள்ளை சிறிதாகவோ முந்தியோ வரும் என்றால் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்தில் வேண்டும். பிறந்த பிள்ளையைப் பெட்டியில் வைத்து வண்டியில் அனுப்புவதைவிட, வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயை அனுப்புவது பிள்ளைக்கு நல்லது.

எங்களுக்கு மிகக் கஷ்டம், இடம் மாறி வந்த பிறகு எந்தக் கிளினிக்கிலும் காட்டாமல், 39 கிழமையில் வலியோடு முதல் தடவையாக வாசலில் வந்து நிற்கிற தாய்மார்தான். அட்டையைத் திறந்தால் கடைசி ஆறு கிழமை வெறும் தாள். பிரஷர் 136/88 என்றால் இது இவருக்கு வழக்கமா, புதிதாக ஏறியதா என்று எப்படித் தெரியும்? துளசிக்கு முந்தி 100/60 என்று எழுதியிருப்பதால் அதே 136/88ஐப் பார்த்து நாங்கள் நிமிர்ந்து இருப்போம்.

கடுமையான தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் நோவு, இரத்தம் படுதல், வயிற்றுக்குள் பிள்ளை அசைகிற துடிப்புக் குறைதல், இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை பார்க்க வேண்டாம். இரத்தம் பட்டு வந்தால் வாசலிலேயே, நஞ்சு கீழே என்று 20 கிழமையில் சொன்னார்கள் என்று சத்தமாகச் சொல்லுங்கள். அது தெரிந்தால் ஸ்கான் பார்க்கும் முன் யாரும் உள்ளே கைவிட்டுப் பரிசோதிக்கமாட்டார்கள்.

---

மலர்_அன்ரி (மாலை 7.00)

தலையிடிக்குச் சித்தாலேப பூசினால் போகாதா பிள்ளை? நாங்கள் எல்லாம் அப்படித்தான்.

---

விடுதியில்_வேலை (மாலை 7.15)

பூசுங்கோ அன்ரி, பிழையில்லை. ஆனால் கடைசி மாதங்களில் பூசிவிட்டுப் படுக்க வேண்டாம். பூசிக்கொண்டே வந்து பிரஷரைப் பாருங்கோ.

---

துளசி_வெள்ளவத்தை (ஒக்டோபர் 22, இரவு 8.30)

டொக்டரிடம் போய் வந்தேன். நஞ்சு இப்போது வாயிலிருந்து 4 சென்ரிமீற்றர் மேலே இருக்கிறது, பயணம் போகலாம் என்று எழுதித் தந்தார். அட்டையின் வெறும் பக்கங்களை எல்லாம் உட்கார்ந்து நிரப்பினார், எனக்கே பாவமாக இருந்தது. திகதி டிசம்பர் 8 என்று சிவப்பில் எழுதி, ஒன்பதாம் கிழமை ஸ்கான்படி என்று பக்கத்தில் குறித்தார். பிள்ளை கொஞ்சம் சிறிதுதான், யாழ்ப்பாணத்தில் இரண்டு கிழமைக்குள் வளர்ச்சியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் கடிதத்தில் இருக்கிறது.

நாளைக்குப் பகல் ரெயின். இரவு பஸ்ஸை விட்டுவிட்டோம். பாதை குருநாகல், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று போவதால் வழியில் எங்கேயும் பெரிய அரச ஆஸ்பத்திரி இருக்கிறது என்று டொக்டர் ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கிறார். மணிக்கொரு தடவை எழுந்து நடக்கச் சொன்னார்.

---

துளசி_கரவெட்டி (ஒக்டோபர் 31, மாலை 5.10)

பெயரை மாற்றிவிட்டேன். வந்து சேர்ந்து எட்டு நாள்.

27ஆம் திகதி இங்கத்தைக் கிளினிக்குக்குப் போனேன், 34 கிழமை. மிட்வைஃப் அக்கா நாடாவால் வயிற்றை அளந்தா, 30 சென்ரிமீற்றர். அட்டையிலுள்ள கோட்டுப் படத்தில் புள்ளி வைத்தபோது அது கீழ்க்கோட்டுக்கும் கீழே விழுந்தது. டிசம்பர் 19ஐ வைத்தால் எங்கே விழும் என்று நானே கேட்டேன். பென்சிலால் காட்டினா, கோடுகளுக்கு இடையில் வந்துவிட்டது. அந்தப் பென்சில் புள்ளியைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அன்றைக்கே பருத்தித்துறைக்குக் கடிதம். நேற்று அங்கே ஸ்கான். வயிற்றுச் சுற்றளவு சிறிது, தொப்புள்கொடியில் இரத்த ஓட்டம் நல்லது. துடிப்பைக் கவனிக்கச் சொல்லி, நவம்பர் 13 திரும்ப வரச் சொன்னார்கள். எங்கே, எப்போது பிறக்க வைப்பது என்று அன்றைக்குத்தான் டொக்டர் முடிவு சொல்வார். 37 கிழமையோடு எடுக்கவும் கூடும், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவும் கூடும் என்றார்.

37 கிழமை என்றால் நவம்பர் 17. டிசம்பர் 19ஐ நம்பியிருந்தால் அதை 28 என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன். அவர் லீவை 14ஆம் திகதியிலிருந்து கேட்டிருக்கிறார்.

அப்பா கேற்றுக்குத் தகடு அடித்துவிட்டார். எங்கள் ஒழுங்கையும் மழைக்கு நிரம்பும், அதனால் முன்வீட்டு ஓட்டோ அண்ணா இரவில் வண்டியைப் பெரிய ரோட்டுப் பக்கம் மாமா வீட்டு முற்றத்தில் விடுகிறார். அட்டை சாமியறைக் கதவுக்குப் பின்னால் பையோடு தொங்குகிறது.

ஒன்றுதான் தீரவில்லை. யாழ்ப்பாணத்துக்கு எழுதினால் 13ஆம் திகதியிலிருந்து நல்லூரில் பெரியம்மா வீட்டில் போய் நிற்பதா? அம்மா, இங்கே இருந்து வலி வந்த பிறகு போகலாம், முதல் பிள்ளைக்கு நேரம் எடுக்கும் என்கிறா. நான் போகத்தான் நினைக்கிறேன்.

---

நெடுந்தீவு_சுபா (மாலை 5.40)

போங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

---

சிவா_கொக்குவில் (மாலை 6.05)

எனக்கு உங்கள் அம்மா சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. உங்களுக்குக் கிட்ட இருக்கிற நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் ஒரு மணித்தியாலம் கூட இல்லை. பெரியம்மா வீட்டில் மூன்று நாலு கிழமை நிற்க வேண்டிவந்தால் மனதுக்கும் கஷ்டம்.

---

ஓய்வு_மிட்வைஃப் (மாலை 7.20)

வலி வந்த பிறகு போவது ஒன்றுமில்லாத பிரசவத்துக்குச் சரி தம்பி. இங்கே டொக்டர் பார்ப்பது வலியை அல்ல, துடிப்பை. துடிப்புக் குறைந்தால் வலி வரும் வரை யாரும் இருக்கப்போவதில்லை. ஆனாலும் மகள், 13ஆம் திகதி டொக்டரிடமே கேள். சில நேரம் அவர்கள் விடுதியிலேயே வைத்துக்கொள்வார்கள், பெரியம்மா வீட்டுக் கேள்வியே வராது.

இன்னொரு சின்ன விசயம், இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு பால், நித்திரை என்று மறந்துபோவாய். பிறப்புப் பதிவு பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம்தான், 42 நாளுக்குள். கொழும்பில் செய்யலாம் என்று விட்டுவிடாதே. பெயரை முடிவெடுத்து, உங்கள் இருவருடைய கலியாணச் சான்றிதழின் பிரதி ஒன்றை அட்டைப் பையிலேயே போட்டு வை. வீட்டுக்கு வந்த அன்றே கரவெட்டி மிட்வைஃபுக்கு அறிவி. நீ கொழும்பில் பதிந்தவள், அவ தன் கொப்பியில் உன்னைச் சேர்க்காவிட்டால் பிறகு வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய ஆள் யார் என்றே தெரியாமல் போகும்.

---

துளசி_கரவெட்டி (மாலை 7.45)

சேர்த்துவிட்டா அம்மா. 27ஆம் திகதியே என் பெயரை எழுதி, வீட்டுக்கு வழியும் கேட்டு வைத்துக்கொண்டா. சான்றிதழ் அவரிடம், 14ஆம் திகதி கொண்டுவரச் சொல்கிறேன். 13 முடிந்ததும் எழுதுகிறேன்.